தராசின் முகப்பு விற்பவர் பக்கம் திரும்பியிருக்கும்: நம் கம்பனியின் நோக்கமும் நெறிகளும்

கந்தப்பளை சேகரிப்பு நிலையத்தில் 2026 ஜனவரி 17, சனிக்கிழமை இருபது பேரும் உட்கார்ந்து பேசி ஏற்றுக்கொண்டது. சிங்களப் பிரதியும் இதுவும் ஒன்றுதான்.

நாம் எதற்காக இருக்கிறோம்

கந்தப்பளை, இராகலை, வலப்பனைப் பக்கம் கால் ஏக்கர், அரை ஏக்கரில் மரக்கறி போடுகிறவர் தன் சரக்கின் நிறையைத் தன் கண்ணால் பார்த்து, காலையில் சொன்ன விலைக்கே விற்று, அன்றே காசோடு வீடு திரும்ப வேண்டும். அந்த மரக்கறி மறுநாள் விடியும்போது கண்டியிலும் கொழும்பிலும் உள்ள சமையலறைகளில் வாடாமல் இறங்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் இருபது பேருக்கும் சம்பளம் நாள் தவறக் கூடாது.

அவ்வளவுதான். இதற்குள் அடங்காத வேலை எவ்வளவு லாபத்தோடு வந்தாலும் எடுக்க மாட்டோம். போன வருடம் உரமும் பூச்சிமருந்தும் கடனுக்கு விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நல்ல வரும்படிதான். ஆனால் நம்மிடம் கடன்பட்டவரால் நம் விலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் கைவிட்டோம். இனி இப்படி ஒரு யோசனை வந்தால் மேலே உள்ள மூன்று வரிகளோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போடத் தொடங்க வேண்டும்.

தராசு

என் அப்பா லீக்ஸ் போட்டவர். சிறுவனாக அவரோடு சந்தைக்குப் போவேன். வாங்குகிறவர் சாக்கைத் தராசில் தூக்கி வைப்பார், முள் எங்கள் பக்கம் தெரியாது. ஒரு எண்ணைச் சொல்வார், அதிலிருந்து சாக்குக்கு ஐந்து கிலோ கழிவு என்று தானே குறைத்துக்கொள்வார். அப்பா ஒரு நாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவார். இந்தக் கம்பனி அந்த பஸ்ஸில்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். அதனால் நம் நெறிகளில் முதல் இடம் தராசுக்கு.

நம் தராசின் முகப்பு எப்போதும் விற்பவர் பக்கம் இருக்கும். காலையில் முதல் சாக்கு ஏறுமுன் 20 கிலோ படிக்கல்லை ஏற்றிப் பார்த்து, காட்டிய எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 100 கிராம் தள்ளிக் காட்டினாலும் அன்று அந்தத் தராசு வேலை செய்யாது. அளவீட்டுத் திணைக்கள முத்திரை வருடாவருடம் போடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். படிக்கல் நாமாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

41.6 காட்டினால் 41.6 என்று எழுத வேண்டும். 41 என்று எழுதுவதற்கு நம்மிடம் எந்தக் காரணமும் இல்லை. மண் ஒட்டிய கரட், நனைந்த லீக்ஸ் என்றால் எவ்வளவு கழிப்போம் என்பதை நிறுக்கும் முன்பே வாயால் சொல்லி, சீட்டில் தனி வரியாக எழுத வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் சரக்கைத் திருப்பி ஏற்றிவிட நம் ஆட்களே கை கொடுக்க வேண்டும். கழிவு என்ற சொல்லை வைத்துத்தான் மலையகத்தில் கொழுந்தும் மரக்கறியும் இத்தனை காலம் களவு போயிருக்கிறது. இந்த விஷயத்தில் நான் இளக மாட்டேன்.

சொன்ன விலை

காலை 7 மணிக்குப் பலகையில் எழுதும் விலை மாலை 5 மணி வரை நிற்கும். பகலில் பேலியகொடையில் விலை விழுந்தால் அது நம் நஷ்டம், ஏறினால் நம் லாபம். போன ஒக்டோபரில் கோவா விலை மத்தியானத்துக்குள் பாதியாக இறங்கியது. வெளியே பதினோரு பேர் சாக்கோடு நின்றார்கள். கொள்வனவுப் பொறுப்பாளர் என்னைக் கேட்காமலேயே பலகை விலைக்கு எல்லாவற்றையும் வாங்கினார். அந்த மாத லாபத்தில் பெரும்பகுதி போனது. அவர் செய்தது சரி என்று அன்றைக்கே சொன்னேன், இங்கே எழுத்திலும் வைக்கிறேன்.

இந்தச் சுமையைத் தாங்குவதற்காக ஒரு மாதச் சம்பளமும் ஐந்து நாள் கொள்வனவுப் பணமும் தனிக் கணக்கில் இருக்கும். அதைத் தொட இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று கணக்காளருடையது. அவர் மறுத்தால் நானும் தொட முடியாது.

ஒரே பில்

வாங்கும் இடத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்பது நம்மிடம் கிடையாது. ஒரு ஹோட்டலில் கொள்வனவு பார்த்தவர் கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டி எழுதித் தன் பங்கைக் கையில் தரச் சொன்னார். மறுத்தோம், அந்த ஓடர் போய்விட்டது. அது நம் மாத விற்பனையில் எட்டில் ஒரு பங்கு. அப்படி ஒரு ஓடர் போனால் விற்பனைப் பிரிவில் யாருடைய கொமிஷனும் அந்தக் காலாண்டில் குறையாது. குறையும் என்றால் இந்த நெறியை அவர்களால் காக்க முடியாது.

ஆள் எடுப்பது

நம் முன்னோரைப் பெரிய கங்காணிமார் கூட்டி வந்தார்கள். கூட்டி வந்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு, வந்தவர் தலையில் கடன். கடனை அடைத்துத் துண்டு வாங்கினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று ஒரு காலம் இருந்தது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. பழக்கம் வேறு வேறு உருவில் இன்னும் கிடக்கிறது, நம் கம்பனிக்குள் அது நுழையக் கூடாது.

ஆகவே ஆள் சொல்லிவிட்டதற்கு யாருக்கும் காசு இல்லை. தம்பி, மச்சான், பக்கத்து லயத்துப் பிள்ளை என்று யாரையும் சொல்லிவிடலாம், ஆனால் சொன்னவர் தெரிவில் உட்காரக் கூடாது. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்க மாட்டோம், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுப்போம். தீபாவளி அட்வான்ஸ் பாக்கி இருந்தாலும் வேலையை விட்டுப் போகிறவருக்கு மூன்று நாளில் சேவைக் கடிதம் கிடைக்கும். பாக்கி வேறு, கடிதம் வேறு.

விலாசத்தில் தோட்டத்தின் பெயரும் லயத்தின் இலக்கமும் இருப்பதால் விண்ணப்பத்தை ஒதுக்கும் இடங்களில் நம்மில் சிலர் நின்றிருக்கிறோம். சொந்தக்காரர் வீட்டு டவுன் விலாசத்தைப் போட்டுக்கொண்டு போனவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். இங்கே விண்ணப்பத்தை முதலில் படிப்பவருக்கு விலாசப் பக்கம் போகாது. சாதி, சமயம், கல்யாணம் எப்போது என்ற கேள்விகள் நேர்முகத்தில் வரக் கூடாது. வந்தால் கூட இருப்பவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

உயர்தரம் சித்தி கேட்பது கணக்கு வேலைக்கு மட்டும். மற்ற எல்லா வேலைக்கும் அரை நாள் சோதனை, அந்த அரை நாளுக்குச் சம்பளம் உண்டு. கொள்வனவுக்கு வருகிறவரைத் தராசடியில் நிறுத்துவோம். வரிசையில் நிற்கும் ஒருவர் விலையைப் பற்றிச் சத்தம் போடுவார் (பெரும்பாலும் நாம் ஏற்பாடு செய்யாமலே ஒருவர் போடுவார்). வந்தவர் அவரை ஐயா, அம்மா என்று கூப்பிட்டு முகப்பைக் காட்டிப் பதில் சொல்கிறாரா, நம்மைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனிப்போம். தரம் பிரிக்கும் மேசைக்கு வருகிறவரிடம் அடியில் அழுகிய இரண்டு போஞ்சிக் கூடைகளைக் கொடுப்போம். மேலாக அள்ளிவிட்டு நகர்கிறவர் எவ்வளவு வேகமானவரானாலும் வேண்டாம். கடைசியில் ஒரே கேள்வி: முன்பு வேலை செய்த இடத்தில் செய்யச் சொல்லி நீங்கள் செய்ய மறுத்தது என்ன? முதல் வேலைக்கு வருகிற பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்போம்.

முடிவு மூன்று பேருடையது. அதில் ஒருவர் வரப்போகிறவரோடு ஒரே மேசையில் நிற்கப்போகிறவராக இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் காரணத்தை இந்தப் பத்திரத்தின் எந்த வரியோடு சேர்த்துச் சொல்கிறார் என்று கேட்போம். "பிடிக்கவில்லை" போதாது. நியமனக் கடிதம் அவர் வாசிக்கும் மொழியில் இருக்கும். முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், நம் பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நாம் 3 வீதம். பழகுகிற காலம் என்று சொல்லி இதைத் தள்ளிப்போட மாட்டோம்.

ஒன்றோடு ஒன்று மோதினால்

உயிர் முதலில். அப்புறம் விற்பவருக்குக் கொடுத்த வாக்கு. அதற்குப் பின் வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு. லாபம் கடைசியில். இந்த வரிசையை யாரும் மாற்ற முடியாது, நானும் உட்பட.

பாதையில் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் லொறி கிளம்பாது. எச்சரிக்கை இல்லாவிட்டாலும் சாரதி மழையையும் மேட்டையும் பார்த்து வண்டியை நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று தொலைபேசியில் அவரை யாரும் விரட்டக் கூடாது, மறுநாள் காலை வந்து சொன்னால் போதும். 2025 நவம்பர் புயலில் இந்த மலைகள் என்ன ஆகின என்று நமக்குத் தெரியும். ஒரு லொறி கரட்டுக்காக யாருடைய வீட்டுக்கும் நான் செய்தி கொண்டுபோக மாட்டேன்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்கள் இரட்டை விலை சொல்லும். அப்போதும் வருடம் முழுக்க வாங்கும் கண்டிச் சாப்பாட்டுக் கடைகளின் ஓடர் முதலில் ஏறும். மீதிதான் சீசன் விலைக்கு.

15,000 ரூபாவுக்கு உட்பட்ட எந்தத் தகராறையும் அந்த இடத்தில் நிற்பவரே தீர்க்கலாம். எந்த நெறிப்படி தீர்த்தார் என்று புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும். தவறாகத் தீர்த்திருந்தால் பேசுவோம், சம்பளத்தில் வெட்டு இல்லை. ஆனால் தராசில் தெரிந்தே குறைத்து எழுதியது உறுதியானால், விசாரணைக்குப் பின் வேலை போகும். என் சொந்தக்காரருக்கும் இதுவேதான்.

இந்தப் பத்திரம்

வருடாவருடம் தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஒவ்வொரு வரியாகப் படிப்போம். இந்த வரி போன வருடம் எங்கே உதவியது என்று யாராவது ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து சம்பவம் இல்லாத வரி வெட்டப்படும். இந்த முறை "புதுமை"யையும் "வாடிக்கையாளரே தெய்வம்" என்பதையும் வெட்டினோம். இரண்டையும் பழைய பத்திரத்தில் நான்தான் எழுதியிருந்தேன், அவற்றை வைத்து ஒருவரும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. "ஒரே பில்" போன வருடம்தான் உள்ளே வந்தது, விற்பனையில் இருக்கும் தங்கச்சி கேட்டதால்.

நான் இதை மீறுவதைப் பார்த்தால் யாரும் வேலை நேரத்திலேயே சொல்லலாம். முகத்துக்கு நேரே சொல்லத் தயக்கமாக இருந்தால் கணக்காளரிடம் சொல்லுங்கள், அவர் பெயர் சொல்லாமல் என்னிடம் கொண்டுவருவார். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்வேன்.

ஒரு பிரதி தராசுக்குப் பக்கத்தில், விற்க வருகிறவர்களும் படிக்கும் உயரத்தில் ஒட்டப்படும். ஒன்று ஒவ்வொரு லொறியிலும் இருக்கும். புதிதாக வருகிறவருக்கு அரை நாள் சோதனைக்கு முன்பே கையில் கொடுக்கப்படும். 2026 பெப்ரவரி 1 முதல் நடைமுறை. அடுத்த வாசிப்பு 2027 ஜனவரி 16, சனிக்கிழமை, பகல் 2 மணி, தரம் பிரிக்கும் மேசையைச் சுற்றி.