சம்பளம் பற்றி: குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளர் வேலை

வணக்கம் ஐயா,

நேற்று நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. நேர்முகத்தன்று நண்டு பதப்படுத்தும் பகுதியிலிருந்து உறைநிலை அறை வரை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீர்கள். அங்கே வேலை செய்ய எனக்கு உண்மையிலேயே விருப்பம். சம்பளத்தில் மட்டும் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

கடிதத்தில் மாதம் 75,000 ரூபா என்று இருக்கிறது. அதை 95,000 ஆக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வீடு, கடைகளுக்கு ஏசி பூட்டித் திருத்துகிறவருக்கு 75,000 நல்ல சம்பளம்தான். உங்கள் இடத்தில் ஓடுவது அமோனியா. நான் நீர்கொழும்பில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் அமோனியா பிளாண்ட்தான் பார்த்தேன். கொம்பிரசர் ஓயில் மாற்றுவது, குழாய்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவது, கசிவு வந்தால் முகமூடியோடு உள்ளே போய் வால்வை மூடுவது எல்லாம் தனியாகச் செய்திருக்கிறேன். இப்போது இவற்றுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னீர்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தாண்டி அவர்கள் வந்துசேரும்வரை மைனஸ் 18இல் இருக்க வேண்டிய சரக்கு காத்திருக்காது, ஐயா.

இன்னொன்று, வெளியே கண்டென்சர் குழாய்களில் வெள்ளையாகக் கல் படிந்திருந்ததைக் கண்டேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதனால் வருவது. அப்படியே விட்டால் அழுத்தம் ஏறும், கொம்பிரசர் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், பில்லும் ஏறும். தண்ணீரை மென்மையாக்கி, தொட்டித் தண்ணீரை இடைக்கிடை வெளியேற்றி, அதைக் கட்டுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியும். வந்த முதல் மாதமே அதில்தான் கைவைப்பேன்.

நீர்கொழும்பில் நான் கடைசியாக வாங்கியது 88,000, ஓவர்டைம் வேறு. போன மாதம் இதே வேலைக்கு வத்தளைப் பக்கம் இரண்டு இடங்களில் கேட்டார்கள். ஒன்றில் 95,000, மற்றதில் தங்குமிடத்தோடு 100,000. ஊருக்குத் திரும்பினால் எனக்கு வாடகை மிச்சம், அம்மாவோடும் இருக்கலாம். அதை நினைத்துத்தான் 100,000 கேட்கவில்லை. ஆனால் 75,000 என்றால் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 69,000தான் கைக்கு வரும். முன்பு வாங்கியதைவிட அது நிறையக் குறைவு.

இப்போதே 95,000 கஷ்டம் என்றால், 88,000இல் தொடங்கி, ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் 95,000 என்று கடிதத்திலேயே எழுதித் தந்தாலும் சரி. அப்படியென்றால் அடுத்த மாதம் முதலாம் திகதியே வந்துவிடுவேன்.

வத்தளைக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும். என்விகியூ நான்காம் நிலைச் சான்றிதழையும் முன்பு வேலை செய்த இடத்துச் சேவைக் கடிதத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேரில் பேசுவதென்றால் நாளை பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

நன்றி ஐயா.