பெயர்ப் பலகையைத் திறக்கும் முன்

அனைவருக்கும் மாலை வணக்கம்.

இடமில்லாமல் பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாற்காலி போதும் என்று சொன்னவர் என் கூட்டாளி. நிறுவனத்தின் கணக்கு வழக்கை ஏன் நான் பார்க்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எனக்குப் பின்னால் துணி போர்த்திய பலகை ஒன்று இருக்கிறது. அதன் மேல்தான் உங்கள் எல்லோருடைய கண்ணும் இருக்கிறது என்பது தெரிகிறது. அதை இப்போது திறக்க மாட்டேன். முதலில் ஓர் ஒலியைக் கேளுங்கள். விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். மின்விசிறியையும் நிறுத்துகிறோம். பத்து விநாடி யாரும் பேச வேண்டாம்.

(ஒலி)

நன்றி, விளக்கைப் போடலாம். தூரத்து மழை என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். அலைவரிசை பிடிபடாத வானொலி என்று இன்னொருவர் சொன்னார். அது ஊசிக் காது அளவுள்ள ஓட்டை வழியாகக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிடும் ஒலி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதிகாலை 2 மணி 40 நிமிடத்துக்குப் பதிவு செய்தது. எங்கள் கதை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

அப்போது நான் ஒரு பெரிய மாணவர் விடுதியில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். எந்த விடுதி என்று கேட்காதீர்கள். தண்ணீர்க் கணக்கு மாதா மாதம் ஏறிக்கொண்டே போனது. மாணவர்கள் அதிகமாகக் குளிக்கிறார்கள் என்று நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. மாணவர்களுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஒரு நாள் இரவு முழுக்க மீட்டர் அறையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணிக்கு மேல் எல்லாக் குழாயும் மூடியிருந்தன. ஆனாலும் மீட்டரின் சிறிய முள் நிற்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்பதற்குச் சின்னக் கணக்காகத் தெரியும். ஒரு நாளைக்கு 720 லிட்டர். யாரும் குடிக்காத, யாரும் குளிக்காத தண்ணீர்.

தண்ணீர் எங்கேயோ போகிறது என்பது உறுதியாகிவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. மோட்டார் மெக்கானிக்குகள் திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நானும் செய்தேன். ஏதோ கேட்டது. கேட்பது கசிவா, என் காதிலேயே ஓடும் ரத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இன்று என் கூட்டாளியாக இருக்கும் என் பள்ளித் தோழரைத் தொலைபேசியில் அழைத்தேன். செவித்திறன் பரிசோதனை செய்வது அவர் தொழில். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கு என்ன ஆயிற்று?"

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு குழாய் அழுகிறது" என்றேன். திட்டினார். பிறகு தூக்கம் கலைந்துவிட்டதால் பேசினார். அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த நிறுவனத்தின் முதல் முதலீடு: "காதைப் பற்றிக் கவலைப்படாதே, அறையைப் பற்றிக் கவலைப்படு." செவித்திறனை ஒலி புகாத அறையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். சுற்றி இரைச்சல் இருந்தால் எவ்வளவு நல்ல காதும் மெல்லிய ஒலியைத் தவறவிடும். அடங்கிய அறையில் சாதாரணக் காதே போதும்.

கட்டடத்துக்கு அப்படி ஓர் அறை கிடையாது. ஆனால் அப்படி ஒரு நேரம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. மோட்டார் ஓடுவதில்லை, மாடிப்படியில் காலடி இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் செலவு குறைந்ததால் குழாயில் அழுத்தம் கூடுகிறது, கசிவின் சத்தமும் கூடுகிறது. மற்றதெல்லாம் வாயை மூடும் நேரத்தில் கசிவு மட்டும் வாயைத் திறக்கிறது. நீர் விநியோகத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. இரவின் குறைந்தபட்ச ஓட்டத்தை வைத்துத்தான் அவர்கள் கசிவை மதிப்பிடுகிறார்கள். ஒரு தனிக் கட்டடத்தில் அந்த நேரத்துக்கு விழித்திருந்து காதைக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்து, மறுநாள் தரையை உடைக்கச் சொன்னேன். உடைத்த இடத்தில் மண் எலும்பாகக் காய்ந்திருந்தது. பொறியாளர் அம்மாவுக்குக் கனவு வந்திருக்கிறது என்று விடுதியே பேசியது. ஒலி ஒரு முனையில் பிறந்து, இரும்புக் குழாய் வழியாக ஓடி, நான் நின்ற இடத்தில் உரக்கக் கேட்டிருக்கிறது. அதைத் தெளிவாக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. குழாயின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு உணரியை வைக்கிறோம். கசிவின் ஒலி எந்த முனைக்கு முதலில் வருகிறது, மற்ற முனைக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்க்கிறோம். குழாயின் நீளமும் அதில் ஒலி ஓடும் வேகமும் தெரிந்தால் கசிவின் இடம் கணக்கில் வந்துவிடும். இந்த முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பெரிய குடிநீர்க் குழாய்களில் பல காலமாக இருப்பதுதான். அதை உள்ளங்கையளவு பெட்டியில் அடக்கி, கட்டடத்துக்குள் கொண்டுவந்து, இரவில் தானாக விழிக்க வைத்ததுதான் எங்கள் வேலை.

பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் எங்கள் பெட்டிகளை நெருக்கமாக வைக்க வேண்டும், செலவும் கூடும். விற்பனைப் பேச்சில் இதை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.

இதுவரை ஒன்பது கட்டடங்களில் சோதித்தோம். எட்டு முறை எங்கள் பெட்டி கசிவு என்று கை தூக்கியது. ஆறு உண்மை. ஒன்று, பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டியின் முனகல். இன்னொன்று கழிவறைத் தொட்டியில் மிதவை வால்வு சரியாக மூடாமல் இரவெல்லாம் தண்ணீர் ஒழுகியது. அதைத் தவறு என்று நாங்கள் எழுதி வைத்தோம். அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் வந்து, அதுதான் அவருக்கு அதிகம் பயன்பட்ட கண்டுபிடிப்பு என்றார்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

பதினான்கு மாதம் எங்களுக்குப் பெயரே கிடையாது. எங்கள் இருவர் வீட்டிலும் இதற்கு 'அந்தக் குழாய் வேலை' என்றுதான் பெயர். முதலில் துளி என்று வைக்கலாம் என்றோம். தேடிப் பார்த்தால் உலகத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே துளியாக இருந்தார்கள். கசிவு என்றேன். "ஒழுகும் என்று சொல்லியே விற்கப் போகிறீர்களா?" என்று என் கூட்டாளியின் அம்மா கேட்டார். இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். செவி என்று என் கூட்டாளி சொன்னார். மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்தோம். நான்காம் நாள், காது கேட்கும் கருவி என்ன விலை என்று ஒரு பெரியவர் விசாரித்தார். நீர்க்காவலன் என்ற பெயரும் பட்டியலில் இருந்தது. அதைக் கேட்டாலே சீருடையும் விசிலும் கண் முன்னால் வந்து நின்றன. அதை யார் சொன்னது என்பதை நான் வெளியே விடப் போவதில்லை.

பெயர் கடைசியில் கிடைத்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில். விடுதியில் எனக்கு முன்பிருந்தே குழாய் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் சண்டைக்கு வருவார், அதனால் சொல்லவில்லை. மீட்டர் அளவுகளை அவர் நாளுக்கு மூன்று முறை எழுதுவார். மேலே மூன்று தலைப்பு: மாலை, சாமம், விடியல். நாங்கள் 'குறைந்தபட்ச இரவு ஓட்டம்' என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரே சொல்லில் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். என் சந்தேகத்துக்கு விடையும் அந்த நடுப்பத்தியிலேயே இருந்தது. சாமத்தின் அளவு மட்டும் மெல்ல மெல்ல ஏறியிருந்தது. நாங்கள் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

சாமத்தின் பழைய வடிவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துணியை எடுங்கள்.

யாமம்.

நிறுவனத்தின் பெயர் இதுதான். ஒரு யாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். நாள் ஒன்றுக்கு எட்டு. கணக்கில் கறாரானவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மாலை ஆறிலிருந்து எண்ணினால் எங்கள் வேலை நேரம் மூன்றாம் யாமத்தின் வாலும் நான்காம் யாமத்தின் தலையும். பெயர்ப் பலகையில் அதையெல்லாம் எழுத இடமில்லை. சங்கப் பாடல்களில் யாமம் என்றாலே ஊரடங்கிய இருட்டு. எல்லோரும் உறங்க ஒருத்தி மட்டும் விழித்திருப்பாள். எங்கள் பெட்டிக்கும் அதே வேலைதான், பிரிவுத் துயரம் மட்டும் கிடையாது.

இந்தப் பெயருக்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர் என் கூட்டாளி. காரணம், தொலைபேசியில் சொன்னால் யமன் என்று காதில் விழும் என்றார். செவித்திறன் பரிசோதகர் சொல்கிறாரே என்று சோதித்தே பார்த்தோம். தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்து, பெயரை ஒரு முறை மட்டும் சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னோம். ஒன்பது பேர் சரியாக எழுதினார்கள். இரண்டு பேர் யமன் என்று எழுதினார்கள். ஒருவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார், அவரும் யமன் என்றே கேட்டிருக்க வேண்டும். சோதனை தோற்றது என்றார் இவர். பன்னிரண்டு பேரும் மறுநாள் வரை பெயரை மறக்கவில்லையே என்றேன் நான். இரண்டு வாரம் இதே வாக்குவாதம். ஒரு நாள் காலையில் ஒன்றும் பேசாமல் பெட்டியின் மூடியில் யாமம் என்று பேனாவால் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். என்ன மாறியது என்று இன்றுவரை சொல்லவில்லை. பிறகு மேடைக்கு வருவார், நீங்களே கேளுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் நீளமானது. கட்டடச் சாவியை நம்பிக் கொடுத்தவர்கள், இரவு இரண்டு மணிக்குக் கதவு திறந்துவிட்ட காவலர்கள், எங்கள் தூக்கமில்லாத முகத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டார். அண்ணனுக்கு மட்டும் தனியாக ஒன்று. உங்கள் நோட்டுப் புத்தகம் வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன், மறக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.

இடது பக்க மேசையில் மூன்று குழாய்கள் வைத்திருக்கிறோம். மூன்றிலும் தண்ணீர் ஓடுகிறது, ஒன்றில் மட்டும் ஓட்டை. பக்கத்திலேயே கேட்பொலிக் கருவி இருக்கிறது, பழைய முறையை விரும்புபவர்களுக்குத் திருப்புளியும் இருக்கிறது. எது என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். விடை என் கூட்டாளிக்குத் தெரியும், ஆனால் நாற்காலி எண்ணிக்கையைச் சொன்னதும் அவர்தான்.