பால் கொள்முதல் செயலி: முதல் வெளியீட்டில் எது, பிறகு எது, ஏன்

இந்தப் பகுதி நம் மென்பொருள் குழுவுக்கும், சோதனைக்குச் சம்மதித்திருக்கும் நான்கு பால் சேகரிப்பு மையங்களின் உரிமையாளர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. நான்கு மையங்களிலும் பத்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. அன்று பால் ஊற்றுபவர் கைக்குப் போகும் தொகை பைசா பிசகாமல் இருக்க எதெல்லாம் இல்லாமல் முடியாதோ, அதெல்லாம் முதல் வெளியீடு. மற்றவை எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் காத்திருக்கும்.

முதல் வெளியீடு

காலை, மாலை கொள்முதல் பதிவுதான் அடித்தளம்: உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், லாக்டோமீட்டர் காட்டும் டிகிரி. பசும்பாலா எருமைப்பாலா என்பதை உறுப்பினர் விவரத்திலிருந்தே செயலி எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் மட்டும் மாற்றலாம். கேனோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது எழுத்தருக்கு இதற்கு மேல் தட்ட நேரம் இருக்காது.

இணையம் இல்லாமலே இவ்வளவும் ஓட வேண்டும். சர்வரை நம்பி எழுதிவிட்டு ஆஃப்லைனைப் பிறகு சேர்க்கலாம் என்றால், தரவைச் சேமிக்கும் முறையையே திருப்பி எழுத வேண்டிவரும். அதனால் பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்படும்; சிக்னல் கிடைத்ததும் நகல் மேலே ஏறும்.

விலைக் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருளின் அளவான எஸ்.என்.எஃப். கணக்கிடும் சூத்திரத்தின் மாறிலிகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஃபேட் 4.1, டிகிரி 28 உள்ள ஒரே பாலுக்கு, சூத்திரத்தில் டிகிரியை CLR என்று எழுதினால்:

```
CLR/4 + 0.25 × FAT + 0.44 = 8.465
CLR/4 + 0.21 × FAT + 0.36 = 8.221
```

ஒன்றில் 8.5, மற்றதில் 8.2. ரேட் சார்ட்டில் இவை வேறு வேறு கட்டங்கள், வேறு வேறு விலை. ஆகவே மாறிலிகள், தசம இலக்கத்தை முழுமையாக்கும் விதி, ரேட் சார்ட் மூன்றும் மையம்வாரியாக மாற்றக்கூடிய அமைப்புகளாக இருக்கும். நிரலுக்குள் நிரந்தரமாக எழுதக் கூடாது.

முன்பணமும் தீவனப் பாக்கியும் பிடித்தம் செய்வதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. அதை ஏற்கவில்லை. பிடித்தம் இல்லாத பட்டுவாடா பட்டியல் அரைக் கணக்குதான். அதற்காக நோட்டு தொடர்ந்தால் செயலி இரட்டை வேலையாகிவிடும்.

சீட்டு அச்சிடுவதும் இதில் உண்டு. மையங்களில் இருக்கும் இரண்டு அங்குல புளூடூத் அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. சீட்டைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அதற்கான நேரத்தையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.

யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்: திருத்தப் பதிவு. ஃபேட்டையோ லிட்டரையோ மாற்றினால் பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம் நான்கும் அழியாமல் நிற்கும். எண்களைக் கையால் பதிவதால் பால் ஊற்றுபவருக்கு எழும் முதல் சந்தேகம் இங்கேதான் வரும். பிறகு சேர்த்தால் அதற்கு முந்தைய மாதங்களுக்குச் சாட்சி இருக்காது.

இரண்டாம் கட்டம்

பால் பகுப்பாய்வுக் கருவியையும் தராசையும் நேரடியாக இணைப்பதைத்தான் உரிமையாளர்கள் அதிகம் கேட்டார்கள். அதன் பயன் பெரிது. கைப்பதிவுப் பிழை அடியோடு குறையும். ஆனாலும் முதலில் வைக்கவில்லை. நான்கு மையங்களிலும் நான்கு வகைக் கருவிகள். ஒவ்வொன்றும் எண்களை அனுப்பும் வடிவம் வேறு. அடிப்படைக் கணக்கு சரியென்று உறுதியாகும் முன் கருவியை இணைத்தால், தொகை பிசகும்போது தப்பு கருவியிலா கணக்கிலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு வேளையும் உறுப்பினருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதும் இந்தக் கட்டத்தில்தான். நிரல் சின்ன வேலை. ஆனால் டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அதுவரை சீட்டு போதும்.

இந்தக் கட்டம் தொடங்க நாள் குறிக்கவில்லை, நிபந்தனை வைத்திருக்கிறோம். நோட்டும் செயலியும் அருகருகே ஓடி, தொடர்ந்து மூன்று பட்டுவாடாக்களில் எல்லா உறுப்பினருக்கும் தொகை ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்.

பிறகு பார்க்கும் யோசனைகள்

வங்கிக் கணக்குக்கு நேரடிப் பட்டுவாடா, பல மையங்களின் ஒருங்கிணைந்த அறிக்கை, தீவன இருப்புக் கணக்கு, சினை ஊசி நினைவூட்டல், பால் ஊற்றுபவருக்குத் தனிச் செயலி. இவற்றில் முதலாவது மட்டும் முன்னேற வாய்ப்புண்டு. உறுப்பினர்களின் கணக்கு எண்களைச் சரிபார்த்து வாங்கிய மையம் ஒன்று முன்வந்தால் எடுப்போம். தனிச் செயலிக்கு இப்போது அவசியம் தெரியவில்லை: அதில் காட்ட வேண்டிய எண்களெல்லாம் சீட்டிலேயே இருக்கின்றன.

டி.எல்.டி. விண்ணப்பத்தை மட்டும் முதல் வெளியீட்டு வேலையோடு சேர்த்தே தொடங்குகிறோம். அனுமதி கிடைக்க ஆகும் நாட்கள் நம் கையில் இல்லை. விண்ணப்பம் நம் நிறுவனத்தின் பெயரிலா, மையங்களின் பெயரிலா என்பதை உரிமையாளர்கள் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்து சொல்ல வேண்டும்.