நூல் அச்சாக்க விலைப்புள்ளி தொடர்பாக

சென்னை
17-11-2025

பெறுநர்
அச்சக உரிமையாளர்,
சிவகாசி.

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நெசவாளர் வரலாற்று நூலுக்கு நீங்கள் 8ஆம் தேதி அனுப்பிய விலைப்புள்ளியும் மாதிரிக் கட்டும் கிடைத்தன. இந்த நூலை இம்முறை உங்களிடம் அச்சுக்குக் கொடுக்க இயலவில்லை. காலண்டர் வேலை நெருக்கும் நேரத்திலும் டிசம்பர் முதல் வாரத்தில் எங்களுக்காக இயந்திரத்தை ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த நாட்களை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே தாமதிக்காமல் எழுதுகிறேன்.

விலை கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் எழுதினால் நீங்கள் குறைத்துத் தர முன்வருவீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். உங்கள் விலை நியாயமானது. 20 பாரத்துக்கும் பிளேட் போட்டு இயந்திரத்தில் ஏற்றும் செலவு, 500 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் 1,000 அடித்தால் பிரதிக்கு 112 ரூபாயும் 500 அடித்தால் 166 ரூபாயும் ஆவது எனக்குப் புரிகிறது. சிக்கல் எங்கள் விற்பனையில் இருக்கிறது. இதே வகை ஆய்வு நூல் ஒன்றைச் சென்ற ஆண்டு 1,000 பிரதி அடித்தோம். அதில் 640 பிரதிகள் இன்னும் பண்டல் பிரிக்காமல் கிடங்கில் கிடக்கின்றன. பணம் அதில் முடங்கியதால் நூலாசிரியருக்கு உரிமைத்தொகையை நான்கு மாதம் தாமதமாகக் கொடுத்தோம். அது மறுபடி நடக்கக்கூடாது. ஆகவே டிஜிட்டல் முறையில் 200 பிரதி மட்டும் சென்னையிலேயே எடுக்கிறோம். பிரதிக்கு 190 ரூபாய் ஆகிறது, ஆனால் 38,000 ரூபாயோடு முடிந்துவிடும்.

உங்கள் மாதிரிக் கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுப்பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்தேன். கை எடுத்த பிறகும் மூடிக்கொள்ளவில்லை. பாரம் பாரமாகத் தைத்த கட்டுக்குத்தான் அந்த அமைதி வரும். எங்கள் 200 பிரதிகளுக்குக் கிடைக்கப்போவது வெறும் பசைக் கட்டு. அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இந்த 200 விற்று, மறுபதிப்புக்கு 1,000 தேவைப்பட்டால் தையல் கட்டுக்கு உங்களிடம்தான் வருவேன்.

அதற்கு முன்பே வேறொரு வேலை இருக்கிறது. சிறுவர் படநூல்: 48 பக்கம், நான்கு வண்ணம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், நடுவில் பின் அடித்தது, 3,000 பிரதி. ஓவியங்கள் பிப்ரவரியில் முடியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகம் கடைகளில் இருக்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் விவரங்களை அனுப்புகிறேன். விலைப்புள்ளி தர வேண்டும். இன்னும் இரண்டு அச்சகங்களிலும் விலை கேட்பது எங்கள் வழக்கம் என்பதால், வேலை உங்களுக்கே என்று இப்போது உறுதி சொல்ல இயலாது. ஆனால் வண்ண அச்சில் உங்கள் கைத்திறனை அறிந்துதான் கேட்கிறேன்.

மாதிரிக் கட்டு உங்களுக்குத் தேவையென்றால் சொல்லுங்கள், கூரியரில் அனுப்பிவிடுகிறேன். இல்லையென்றால் எங்கள் வடிவமைப்பாளரின் மேசையில் இருக்கட்டும். அவர் அதைக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
பதிப்பாசிரியர்