பூங்கோயிற் பாமாலை: பாயிரம்

காப்பு
(மாற்றுரைத்த விநாயகர்)

ஆற்றிலிட்ட பொன்னைக் குளத்தெடுத்தார்க் கன்றுநின்று
மாற்றுரைத்த வேழ முகத்தானே – போற்றியென்
சொல்லை உரைத்துப்பார்; தூயவையே ஏட்டிலே
நில்லென நீயே நிறுத்து.

இறைவணக்கம்

கோயில் ஐவேலி; குளமும் ஐவேலி;
செங்கழு நீரின் ஓடையும் ஐவேலி
என்றுதம் ஊரின் ஏற்றம் சொல்வோர்
நாவினில் வாழும் நல்லா ரூரில்
புற்றிடம் கொண்டு பொலிந்துறை வோனே!
திருமால் மார்பின் உயிர்ப்பொடு பொருந்தி
ஏறியும் இறங்கியும் உரையிலா மறையாய்
அசபை ஆடும் அரும்பெருங் கூத்தா!
முசுகுந்த வேந்தன் முயன்றுபெற் றளிக்க
வீதியின் அழகாய் விளங்கும் விடங்கா!
மார்கழி ஆதிரை, பங்குனி உத்திரம்
என்றிரு நாளில் அடிமலர் காட்டி,
ஏனைய நாளெலாம் இன்முகம் ஒன்றே
காட்டிநின் றன்பரைக் காக்க வைப்பாய்!
கன்றிழந் தரற்றும் கறவையின் பொருட்டுத்
தன்மகன் மீது தேர்விடத் துணிந்த
மன்னனும் உன்னூர் மண்ணில் வாழ்ந்தவன்;
நெய்தர மறுத்தோர் நகைக்க, நமிநந்தி
குளத்துநீர் முகந்து விளக்கெரித் ததுவும்,
கண்ணொளி இல்லாத் தண்டி அடிகள்
கயிற்றைத் தடவிக் குளத்தைத் தோண்டக்
கமலா லயத்தின் கரைவிரிந் ததுவும்
உன்றன் முன்றிலில் நிகழ்ந்தவை அன்றோ?
தேவா சிரியன் மண்டபத் திருந்த
அடியார் கூட்டம் அணுகவும் அஞ்சிய
நம்பியா ரூரர்க்கு நாவெழும் முன்னே
“தில்லைவாழ் அந்தணர்” எனமுதல் எடுத்துத்
தந்தவன் நீயெனச் சான்றோர் சொல்வர்;
முதற்சொல் உனதெனின் மற்றவை உனவே;
ஆதலின் இறைவா, அடியேன் உனக்குப்
புதிதாய்ப் புகலப் பொருளெதும் காணேன்;
உன்சொல் உனக்கே மீண்டும்
தருவேன், கொள்வாய் தகவுடை யோனே.

குரு வணக்கம்

திண்ணையில் அமர்த்தி வைத்துத் திருப்பதி கங்கள் சொல்லிப்
பண்ணெது தாளம் யாதென் றறிகிலாப் பருவம் தன்னில்
கண்ணெதிர் தொடையில் தட்டிக் காலமும் எடுப்பும் காட்டி
எண்ணிலாப் பிழைகள் தீர்த்த எந்தையாம் ஆசான் போற்றி.

சீறியோர் சொல்லும் சொல்லார். சிறுபிழை கேட்ட போதில்
மாறிய இடத்தில் நிற்பார். மௌனமாய் நோக்கிப் பின்னர்
கூறிய அடியை மீண்டும் குரலினில் ஏற்றித் தந்து
தேறிய பிறகே அப்பால் செல்லுவார்; அவர்தாள் போற்றி.

முதுமையில் விழிகள் மங்கி முன்வரும் முகங்கள் தேய,
“எதுவடா பதிகம்? சொல்”லென் றெனைவிரல் பற்றிக் கேட்பார்;
புதுவிழி பெற்ற தண்டிப் பெரியவர் கதைக்கு வந்தால்
மெதுவெனத் தொடங்கும் பாட்டில் வீறெழும், அவர்தாள் போற்றி.

எழுதிட அமர்ந்த நாளில் எழவிலை ஒருசொல், ஏட்டைத்
தொழுதுநான் மூடி வைத்துத் துயருடன் அவர்பாற் சென்றேன்;
“பழுதிலை, ‘புற்றில் நின்றாய்’, பாடிதை முதலாய்” என்று
விழுமிய அடியைத் தந்து விடுத்தவர் அவரே அன்றோ.

அவையடக்கம்

பொன்னெனப் புலவர் பாடிப் புகழ்ந்தவூர் அதனை யானும்
என்னவோ சொல்வேன் என்றே எழுந்தது துணிவே ஆகும்;
பன்னிரு முறைகள் கற்றோர் பார்வையில் குறைகள் தோன்றின்
என்னவை, நிறைகள் எல்லாம் என்குரு தந்த வையே.

ஓதுவார் எடுத்துப் பாடின் ஓசையிற் பிழைகள் தீரும்;
மேதையர் கேட்டுச் சொன்னால் மீந்தன யானே தீர்ப்பேன்;
ஆதலால் தாளில் மட்டும் அளந்திவை முடித்தி டாமல்
நாதமாய்க் கேட்ட பின்பு நல்லது கெட்ட தென்பீர்.