வெயில் மாதங்களில் குறையும் பால்: மாவட்டக் கால்நடை மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம்

கு. முனியாண்டி,
கறவை மாட்டுப் பண்ணை,
சுங்கை சிப்புட், பேராக்.

19 மார்ச் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் கொட்டாயில் இப்போது கறவையில் 14 மாடுகள், வற்றியவை 4, கிடேரியும் கன்றுமாக 9 உருப்படிகள் உள்ளன. எல்லாம் குளிர்நாட்டுப் பிரீசியன் கலப்பு. ஐந்தில் வெப்பநாட்டுச் சாகிவால் இரத்தம் அதிகம். டிசம்பர் நடுவில் ஒரு நாளைக்கு 151 லிட்டர் கறந்தது, போன வாரம் சராசரியாக 109 லிட்டர்தான். அந்த 42 லிட்டர் எங்கே போனது என்று முடிந்த வரை பிரித்துப் பார்த்து எழுதுகிறேன். பாதிக்கு எனக்குக் காரணம் தெரிகிறது. மீதிக்கு நீங்கள் வந்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். ஐந்து மாடுகள் கன்று போட்டு எட்டு மாதம் தாண்டியவை. அவற்றில் குறைந்த 12 லிட்டரை வெயிலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, வயதான கறவை இறங்கத்தான் செய்யும். மீதி 30 லிட்டர் ஒன்பது மாடுகளுடையது. அதிலும் 19 லிட்டர் நான்கே மாடுகளில் போயிருக்கிறது. காது எண் 18: 15 லிட்டரிலிருந்து 11. எண் 27: 16லிருந்து 11.5. எண் 31: 13லிருந்து 7.5. எண் 40: 12லிருந்து 7. சாகிவால் இரத்தம் அதிகமுள்ளவை ஆளுக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கவில்லை.

காலைக் கறவை 92லிருந்து 71க்கும் மாலைக் கறவை 59லிருந்து 38க்கும் வந்துவிட்டது. இரண்டிலும் 21 லிட்டர்தான் குறைவு, ஆனால் மாலையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாலைக் கறவையை நாங்கள் 3.30 மணிக்கே தொடங்குகிறோம், பால் லோரி 5.30க்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மாடுகள் தகரக் கூரையின் கீழ் நெருக்கியடித்து முக்கால் மணி நேரம் நிற்கின்றன. கூரை ஓரம் எட்டடி உயரம்தான், கையை மேலே நீட்டினாலே அனல் தெரியும்.

கொட்டாயின் நடுவில், மாட்டின் முதுகு உயரத்தில் ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் தொங்கவிட்டு மார்ச் 5 முதல் குறித்து வருகிறேன். பிற்பகல் 3 மணிக்கு 34 பாகை, ஈரப்பதம் 62 விழுக்காடு. விடியற்காலை 5 மணிக்கு 25 பாகை, ஈரப்பதம் 92. வெப்ப-ஈரப்பதக் குறியீடாகக் கணக்கிட்டால் பிற்பகலில் 86 வருகிறது, விடியலில் 76. கறவை மாட்டுக்கு 72ஐத் தாண்டினாலே பால் இறங்கத் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊரில் விடியற்காலையே 72க்குக் கீழே வருவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொட்டிவிட மாட்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. குளிர்நாட்டு மாட்டின் இரத்தம் கூடக்கூட இது தாங்காது. ஆனால் ஒன்று, வெயில் அடித்த அன்றே பால் குறைவதில்லை. கடுமையான நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பால் கேனில் தெரிகிறது. இது தெரியாமல் நேற்று மாற்றிய தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி உங்களை அழைப்பதற்கான காரணம். அதிகம் இறங்கிய அந்த நான்கு மாடுகளுக்கும் பிற்பகல் 3 மணிக்கும் விடியல் 5 மணிக்கும் ஆசனவாய் வெப்பம் எடுத்தேன், மூன்று நாள் தொடர்ந்து. பிற்பகலில் நான்குமே 39.6க்கு மேல். விலா ஏறி இறங்குவதை எண்ணினால் நிமிடத்துக்கு 80க்குக் குறையாமல் மூச்சு, 27ஆம் எண்ணுக்கு 96. அதுவரை எல்லாம் வெயில் என்றே சொல்லலாம். ஆனால் விடியலில் 18க்கும் 27க்கும் 38.6க்கு இறங்கிவிடுகிறது, மூச்சும் 40க்குள் வருகிறது. 31ஆம் எண்ணுக்கு விடியலிலும் 40.3, மறுநாள் 40.5. 40ஆம் எண்ணுக்கு 39.9. வெயிலால் ஏறிய சூடு விடியலில் இறங்க வேண்டும், இறங்காதது காய்ச்சல். என் வாதம் இதுதான்.

31ஆம் எண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிர் ரோசாவாக இருக்கிறது, மற்ற மாடுகளுக்கு இருக்கும் சிவப்பு இல்லை. மடியின் பின்பக்க மடிப்பிலும் வால் அடியிலும் உண்ணி இருந்தது, வயிறு நிறைந்த பெரிய உண்ணிகள், ஒரு தொடைப்பக்கத்திலேயே பதினொன்று. சிறுநீர் காப்பி நிறத்தில் இல்லை, இரண்டு வேளையும் வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தேன். ஆகவே உண்ணி பரப்பும் நோய்களில் பபீசியாவை விட அனாப்ளாஸ்மாவோ தைலேரியாவோ இருக்குமோ என்ற சந்தேகம். மாட்டு ஈ பரப்பும் சுர்ராவையும் விலக்க முடியாது, மதிய நேரத்தில் அந்த ஈ கடுமையாக இருக்கிறது. மார்ச் 11 வரை காலை 8 முதல் 12 வரை செம்பனை மரத்தடியில் மேய விட்டோம். அங்கே நிழல் உண்டு, அதே நிழலில்தான் உண்ணியும் உண்டு. இப்போது மேய்ச்சலை நிறுத்திவிட்டோம். உண்ணி மருந்து இன்னும் தெளிக்கவில்லை. எதைத் தெளிப்பது, கறக்கும் மாட்டுக்கு எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகே தொடுவேன். காய்ச்சலுக்கும் ஊசி எதுவும் போடவில்லை. போட்டுவிட்டால் இரத்தப் பூச்சில் கிருமி தெரியாமல் போகலாம்.

வெயிலின் பங்கைப் பற்றி இனி சொல்கிறேன். அதில் பெரிய தவறு எங்கள் தண்ணீர்க் குழாயில் இருந்தது. தொட்டிக்குப் போகும் அரை அங்குலக் கறுப்புப் பாலிபைப் 120 அடி தூரம் வெறும் தரையில் வெயிலில் கிடக்கிறது. மேல் தாங்கியில் 29 பாகையில் இருக்கும் தண்ணீர், பிற்பகல் 2 மணிக்கு மாடு குடிக்கும் தொட்டியில் 37. மாடு மூக்கை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறது. வேகமும் போதாது. 20 லிட்டர் வாளி நிறைய மூன்றரை நிமிடம் பிடிக்கிறது, அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 340 லிட்டர் சொச்சம். இந்த வெயிலில் ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 80 லிட்டராவது வேண்டும், 14க்கும் சேர்த்து 1,100க்கு மேல். அதில் பெரும்பகுதியைக் கறவை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் குடிக்கப் பார்க்கும். முந்திய மாடு தொட்டியைக் காலி செய்துவிட, அடங்கிய மாடு ஈரத்தை நக்கிவிட்டுப் போகும். எண் 40 அப்படிப்பட்டதுதான், கூட்டத்தில் எப்போதும் கடைசி. ஞாயிற்றுக்கிழமை ஒரு அங்குலக் குழாய் வாங்கி ஓர் அடி ஆழத்தில் புதைக்கத் தொடங்கியிருக்கிறோம், இன்னும் 40 அடி பாக்கி. இரண்டாவது தொட்டியும் வைக்கிறோம்.

தீவனம் இப்போது இப்படி: மாடு ஒன்றுக்கு நேப்பியர் பச்சைப் புல் 30 கிலோ, பி.கே.சி. எனும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு 4 கிலோ, பால்மாட்டு உருண்டை 3 கிலோ, ஈரச் சோயா கழிவு 5 கிலோ. போட்டதில் புல்லில் ஆறு ஏழு கிலோ மிச்சமாகிறது. புல்லைத் தள்ளிவிட்டு உருண்டையை மட்டும் பொறுக்குகின்றன. சோயா கழிவு காலை 7 மணிக்கு வருவது பகல் 1 மணிக்கே புளித்த வாடை அடிக்கிறது. அதை மாலைக்கு வைத்துப் போட்டதும் எங்கள் தவறு. சாணம் தளர்ந்து நுரை கட்டியது, பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பும் இறங்கிவிட்டது என்றார்கள். இரைக்கும் மாடு எச்சிலைக் கீழே ஒழுகவிடுகிறது. வயிற்றுப் புளிப்பை முறிக்க வேண்டிய எச்சில் தரையில் போகிறது. நார் குறைந்து மாவு கூடினால் புளிப்பு ஏறத்தானே செய்யும். மார்ச் 15 முதல் நாள் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாலை 7 மணிக்கும் விடியல் 4 மணிக்கும் மாற்றிவிட்டோம், சோயா கழிவை வந்த உடனே கொடுத்து முடிக்கிறோம். சமையல் சோடா மாடு ஒன்றுக்கு 100 கிராம், உப்பு 60 கிராம் கலக்கிறேன். இந்த அளவு சரியா, 150 வரை போகலாமா, வியர்வையில் போகும் பொட்டாசியத்துக்குத் தனியாக ஏதும் வேண்டுமா என்று சொல்லுங்கள். கொழுப்புத் தூள் விற்கிறவர் 300 கிராம் கொடு என்கிறார். அவர் விற்பவர், அதனால் உங்கள் வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

குளிர்விப்பதற்கு ஒரு பண்ணையில் பனித்தூவல் குழாய் போட்டிருப்பதைப் பார்த்து இங்கும் போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. நுண்துளி காற்றிலேயே தொங்கி முடியின் நுனியை மட்டும் நனைக்கும், கொட்டாய் இன்னும் புழுங்கும். தோல் வரை நனைய ஒரு நிமிடம் பெருந்துளி விட்டு, பிறகு ஐந்து நிமிடம் விசிறிக் காற்று, இதையே கறவைக்கு முன் அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்வதுதான் சரி என்று நினைக்கிறேன். 24 அங்குல விசிறி இரண்டு இருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும். தண்ணீர் விலாவழியே மடிக்கு இறங்கினால் மடிநோய் வரும், ஆகவே முதுகோடு நிறுத்த வேண்டும். 18ஆம் எண்ணின் இடது பின்காம்புப் பால் மடி சோதனைக் கரைசலில் லேசாகக் கட்டியது, கறுப்புக் கிண்ணத்தில் கட்டி எதுவும் தெரியவில்லை. கரைசல் தீர்ந்துவிட்டது, வரும்போது ஒரு போத்தல் கொண்டுவந்தால் 14 மாட்டையும் பார்த்துவிடலாம்.

வற்றிய நான்கும் மேற்கு ஓரத்தில், பிற்பகல் வெயில் நேரே விழும் இடத்தில் நிற்கின்றன. கறக்காத மாடுதானே என்று விட்டிருந்தோம். சினையின் கடைசி இரண்டு மாதச் சூடு அடுத்த ஈற்றின் பாலையே குறைக்கும் என்பதால் அங்கேயும் நிழல்வலை கட்டப் போகிறேன். மூன்று மாடுகள் சினை ஊசி போட்டும் திரும்பிவிட்டன. பருவ அறிகுறி இரவில்தான், அதுவும் சில மணி நேரம்தான் தெரிகிறது. ஏப்ரல் வரை ஊசியை நிறுத்தி வைப்பதா என்றும் சொல்லுங்கள்.

ஐயா, நீங்கள் வரும் நேரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். காலை 10 மணிக்கு வந்தால் எல்லா மாடும் நலமாக இருப்பதுபோலவே தெரியும். முடிந்தால் விடியல் 5 மணிக்கு, கறவைக்கு முன் வாருங்கள். 31க்கும் 40க்கும் அப்போதே காய்ச்சல் எடுத்து இரத்தமும் எடுத்துக்கொள்ளலாம். அது முடியாது என்றால் பிற்பகல் 3 மணிக்கு வந்தாலும் போதும், கொட்டாயின் சூட்டை நேரில் பார்ப்பீர்கள். நோன்புப் பெருநாள் விடுமுறை தொடங்கினால் ஆய்வுக்கூடமும் மூடியிருக்கும், எனவே 26ஆம் தேதி புதன்கிழமைக்குள் என்றால் நல்லது. இரண்டு மாடுகளையும் பிரித்துக் கட்டியிருக்கிறேன், கடைசியாகத்தான் கறக்கிறோம், பாலைத் தனிக் கேனில் எடுத்து வைக்கிறோம். வெப்பம், மூச்சு, கறவை எழுதிய நோட்டுப்புத்தகம் கொட்டாய் வாசல் ஆணியில் தொங்கும்.

இப்படிக்கு,
கு. முனியாண்டி