மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ரூ.30,000 சம்பள முன்பணம் கேட்டு

சிவகாசி,
ஜூலை 24

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் "அவசரம், முப்பதாயிரம் வேண்டும், எப்படியாவது பாருங்கள்" என்று அனுப்பியிருந்தேன். பணம் எதற்கு, எப்படித் திரும்பும் என்று அதில் ஒன்றும் இல்லை. அந்தச் செய்திக்குப் பதில் இதையே என் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூத்த மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பிரிவு கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டதால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.25,000 குறையும். அதைக் கழித்த பிறகு, சேரும்போது விடுதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியது ரூ.62,000. சீட்டு எடுத்ததும் வீட்டுச் சேமிப்புமாகக் கையில் ரூ.32,000 இருக்கிறது. மீதி ரூ.30,000 தான் குறைகிறது. ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும்.

வேறு வழிகளையும் பார்த்துவிட்டே தங்களிடம் வருகிறேன். கல்விக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறோம். கல்லூரியில் சேர்ந்து அங்கிருந்து சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகரும் என்கிறார் மேலாளர். பிஎஃப் பணத்தில் எடுக்கலாம் என்றால், ஆதாரில் முருகேசன் என்றும் பிஎஃப் கணக்கில் முருகேஷ் என்றும் பெயர் இருக்கிறது. அதைத் திருத்த மனுக் கொடுத்திருக்கிறேன், ஒரு வாரத்தில் முடிகிற வேலையாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்த இரண்டு பவுன் சங்கிலி என் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஏற்கெனவே கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது. வட்டிக்குக் கொடுப்பவர்கள் கேட்ட உடனே கொடுப்பார்கள். அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை.

முன்பணம் கொடுத்தால் இப்படிக் கழித்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் சம்பளத்திலிருந்து மார்ச் சம்பளம் வரை மாதம் ரூ.2,500 வீதம் எட்டு மாதம் பிடித்தால் ரூ.20,000 ஆகும். மீதி ரூ.10,000 ஐத் தீபாவளி போனஸில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் சம்பளம் ரூ.20,500. வீட்டு வாடகையும் சீட்டும் போக, மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பிடித்தால் நடுவில் மறுபடியும் தங்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் தொகையைக் குறைத்து, மாதங்களைக் கூட்டிச் சொல்கிறேன். கல்விக் கடன் வந்தாலும் அது கல்லூரிக் கணக்குக்கே நேராகப் போய்விடும், என் கைக்கு வராது. ஆகவே அந்தப் பணத்தை நம்பி இந்தத் தவணையைச் சொல்லவில்லை. முன்பு வீடு மாறியபோது வாங்கிய ரூ.15,000 சொன்ன மாதத்திலேயே கழிந்து முடிந்தது. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் அந்தப் பக்கம் இருக்கும்.

இடையில் நான் வேலையை விட்டு நிற்க நேர்ந்தால், பாக்கியை எனக்குச் சேர வேண்டிய கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதம். இதையும் தவணை விவரத்தையும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டிய நேரம் இது, காகிதத்துக்கும் மைக்கும் ஆலையில் பணம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முழுத் தொகையும் ஒரே தடவையில் கொடுப்பது சிரமமானால், இப்போது ரூ.20,000 கொடுத்தாலும் போதும். மீதிக்கு ஒரு வாரம் தவணை கேட்டுக் கல்லூரி அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன். இந்தச் சமயத்தில் இயலாது என்றாலும் மனவருத்தம் இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் திங்கட்கிழமை வேறு ஏற்பாட்டுக்கு அலைய எனக்கு நேரம் கிடைக்கும்.

ஆல்பத்துக்காகக் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பதை இந்தக் கோரிக்கையோடு சேர்க்க வேண்டாம். முன்பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முருகன் படத் தாள் நாளை இரவு நான்கு வண்ண மெஷினில் ஏறும். சிவப்பு பிளேட்டில் ரிஜிஸ்டர் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது, வேலின் ஓரத்தில் நிழல் தட்டியது. இன்று மதியம் சரி செய்துவிட்டோம். மாதிரித் தாள் தங்கள் மேசையில் இருக்கிறது.

கல்லூரியின் சேர்க்கை ஆணையையும் கட்டண விவரச் சீட்டையும் இத்துடன் படமாக அனுப்பியிருக்கிறேன். அசலைப் பார்க்க விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. முருகேசன்
ஆஃப்செட் மெஷின் ஆபரேட்டர்